சார்ட்டைப் படமாக ஒட்டுவதா, எக்செலோடு இணைப்பதா?

எக்செலில் வரைந்த சார்ட் ஒன்றை நகலெடுத்து, பவர்பாயின்ட் ஸ்லைடில் ஒட்டியதும் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கிளிப்போர்டு அடையாளம் தோன்றும். அதை அழுத்தினால் ஐந்து தேர்வுகள் விரியும். ஸ்லைடின் நிறங்களை ஏற்பதா, எக்செலில் இருந்த நிறங்களையே வைத்துக்கொள்வதா என்ற வேறுபாட்டைத் தள்ளிவிட்டால் உண்மையில் மூன்றே வழிகள்தான். சார்ட்டை மூல எக்செல் கோப்போடு இணைத்து வைப்பது ஒன்று. பட்டியலில் அதன் பெயர் Link Data என்று முடியும். எக்செல் கோப்பையே ஸ்லைடுக்குள் பதித்துவிடுவது இரண்டாவது. அது Embed Workbook என்று முடியும். மூன்றாவது Picture, அதாவது வெறும் படம்.

பெரும்பாலோர் இந்த அடையாளத்தைத் தொடுவதே இல்லை. Ctrl+V அழுத்திவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள். பவர்பாயின்டின் இயல்பான தேர்வு இணைப்பு என்பதால், தாங்கள் இணைத்திருப்பதே தெரியாமல் இணைத்தவர்கள்தான் அதிகம். மூன்று மாதம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறக்க, மற்ற கோப்புகளுக்கான இணைப்புகள் இருக்கின்றன, புதுப்பிக்கலாமா என்று பவர்பாயின்ட் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே பழைய பிபிடி ஒன்று கைக்கு வந்தால், அதில் எந்த வகை இருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை. சார்ட்டின் மேல் வலது சொடுக்கு செய்து Edit Data கொடுத்தால் போதும். மூல எக்செல் கோப்பு அதன் சொந்தப் பெயரோடு திறந்தால், அல்லது கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், அது இணைப்பு. பவர்பாயின்டின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு சிறிய அட்டவணைச் சாளரம் திறந்தால் அது பதிக்கப்பட்டது. Edit Data என்ற வரியே இல்லாமல், மேலே Picture Format என்ற தாவல் மட்டும் வந்தால் அது படம்.

இணைப்பு என்றதும் எக்செலில் எண் மாறிய நொடியே ஸ்லைடிலும் மாறும் என்று எண்ணத் தோன்றும். இரண்டு கோப்புகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒழிய, நடப்பது அதுவல்ல. இணைத்த சார்ட் இரண்டு விஷயங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது: மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முழுப் பாதை, கடைசியாகப் புதுப்பித்தபோது கிடைத்த எண்களின் நகல். திரையில் தெரிவது அந்த நகல்தான். மூலக் கோப்பு அழிந்துவிட்டாலும் சார்ட் பளிச்சென்று நிற்கும்; அது பழைய எண் என்று எந்த அடையாளமும் காட்டாது. ஒரே பிபிடியை இருவர் திறந்து, ஒருவர் Update Links அழுத்தி, மற்றவர் Cancel அழுத்தினால், ஒரே கூட்டத்தில் ஒரே ஸ்லைடுக்கு இரண்டு எண்கள் இருக்கும். கூகுள் ஸ்லைட்ஸிலும் ஷீட்ஸிலிருந்து இணைத்த சார்ட் தானாக மாறாது. சார்ட்டின் மூலையில் வரும் Update பொத்தானை யாராவது அழுத்த வேண்டும்.

பாதை உடைவது எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு. எக்செல் கோப்பின் பெயரை மாற்றினாலோ, அதை வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலோ, பிபிடியை மட்டும் சக ஊழியருக்கு அனுப்பினாலோ, புதுப்பிக்கும்போது பிழைச் செய்தி வந்துவிடும். File, Info பக்கத்தின் வலது கீழ்ப்புறத்தில் Edit Links to Files என்ற வரி இருக்கும். அதைத் திறந்து Change Source வழியே புதிய இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும். அதைவிட ஆபத்தானது பிழையே வராமல் தவறான எண்ணைக் காட்டும் கோளாறு. அதற்கு ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்பது நல்லது.

மொத்த வியாபாரக் கடை ஒன்றின் மாதாந்திர விற்பனைக் கூட்டத்துக்கான பிபிடி என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் Sales என்ற தாளில் முதல் வரிசை தலைப்பு. A பத்தியில் மாதம், B பத்தியில் விற்பனை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 2 முதல் 7 வரையான வரிசைகள். இதிலிருந்து வரைந்த தூண் சார்ட்டை இணைத்து ஒட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் கணக்காளர் எட்டாவது வரிசையில் அக்டோபரைச் சேர்க்கிறார். பிபிடியைத் திறந்து புதுப்பித்தால் அக்டோபர் வராது. ஏனென்றால் ஸ்லைடில் இருப்பது எக்செலில் உள்ள சார்ட்டின் நிழல் அல்ல. அது தனியான இன்னொரு சார்ட். 2 முதல் 7 வரையான கட்டங்களைப் பார் என்ற முகவரி மட்டுமே அதனிடம் இருக்கிறது. எக்செல் சார்ட்டில் தூணின் நிறத்தை மாற்றினாலும் அது ஸ்லைடுக்கு வராததற்கும் இதுவே காரணம்.

அக்டோபர் வராதது கண்ணில் பட்டுவிடும். ஆனால் கணக்காளர், பிபிடி மூடியிருக்கும் நேரத்தில், தாளின் உச்சியில் கடையின் பெயரை எழுத ஒரு வரிசையைச் செருகினார் என்றால்? எல்லாம் ஒரு படி கீழே இறங்குகிறது. ஏப்ரல் மூன்றாவது வரிசைக்கும் செப்டம்பர் எட்டாவது வரிசைக்கும் போய்விட்டன. ஸ்லைடு சார்ட் இன்னும் 2 முதல் 7 வரைதான் பார்க்கிறது. முதல் தூணின் இடம் வெறுமையாகி, அதன் கீழே ‘மாதம்’ என்ற தலைப்புச் சொல் நிற்கும். கடைசித் தூண் ஆகஸ்ட். புதுப்பித்தல் வெற்றிகரமாக முடிந்ததால் எந்த எச்சரிக்கையும் இல்லை. இடது ஓரத்தில் விழுந்த வெறுமையான இடம்தான் ஒரே தடயம். தாளின் பெயரை மாற்றினாலும் தொல்லைதான்.

இதற்குத் தீர்வு எக்செல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்லைடுகளுக்கென்றே ஒரு தனித் தாளை வைத்து, அதில் நிதியாண்டின் 12 மாதங்களுக்கும் வரிசைகளை முதலிலேயே போட்டுவிட வேண்டும். வேலை நடக்கும் தாளிலிருந்து எண்களைச் சூத்திரம் கொண்டுவரட்டும். சார்ட்டுகள் இந்தத் தாளோடு மட்டும் இணையட்டும். இன்னும் வராத மாதங்களுக்கு 0 வந்தால் கோட்டு சார்ட் தரையில் விழுந்து கிடக்கும் என்பதால், சூத்திரம் இப்படி இருப்பது நல்லது:

```
=IF(Sales!B8="",NA(),Sales!B8)
```

NA() இருக்கும் கட்டத்துக்குச் சார்ட் எதையும் வரையாது. கணக்காளர் Sales தாளில் எத்தனை வரிசை செருகினாலும் எக்செல் தன் சூத்திரங்களைத் தானே சரிசெய்துகொள்ளும். ஸ்லைடுக்கான தாளின் கட்டங்கள் அசையாது. அந்தத் தாளைப் பூட்டி வைப்பது இன்னும் பத்திரம். எக்செலில் உள்ள சார்ட் தோற்றத்தோடு அப்படியே ஸ்லைடில் வர வேண்டும் என்றால் Ctrl+Alt+V அழுத்தி, Paste link வழியே Microsoft Excel Chart Object என்று ஒட்டலாம். அப்போது ஸ்லைடில் தெரிவது எக்செல் சார்ட்டின் பிம்பம். நிறமும் வரம்பும் பின்தொடரும். ஆனால் பவர்பாயின்டில் அதைத் தொட்டு அழகுபடுத்த முடியாது.

இணைப்பு சார்ட்டை மட்டுமே தொடுகிறது என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. ஸ்லைடின் தலைப்பில் ‘செப்டம்பர் விற்பனை 4.2 கோடி’ என்று தட்டச்சு செய்திருந்தால், எண் 3.9 ஆகத் திருத்தப்பட்டாலும் தலைப்பு 4.2 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். உச்சத் தூணைச் சுட்டும் அம்புக்குறி வேறு தூணின் மேல் நிற்கும். படமாக ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே பழையதாகியிருக்கும். குறைந்தபட்சம் ஒன்றோடொன்று முரண்படாது. சார்ட்டைச் சுற்றி விளக்கங்களும் அம்புகளும் நிறைந்த ஸ்லைடுக்கு இணைப்பு பெரிய உதவி செய்வதில்லை என்றே சொல்லலாம்.

பதிக்கும் வழியைப் பலர் பாதுகாப்பானது என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாதை உடையாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போவது அந்தச் சார்ட்டின் எண்கள் மட்டுமல்ல, மொத்த எக்செல் கோப்பும். விற்பனைத் தாளுக்குப் பக்கத்தில் சம்பளத் தாளோ, வாடிக்கையாளர்வாரித் தள்ளுபடித் தாளோ இருந்தால், பிபிடியைப் பெறுகிற எவரும் Edit Data வழியே அவற்றைப் பார்த்துவிடலாம். தாளை மறைத்து வைத்திருந்தாலும் கோப்போடு சேர்ந்து போகும். சந்தேகம் வந்தால் பிபிடியின் பிரதி ஒன்றுக்கு .zip என்று பெயர் மாற்றித் திறந்து, ppt/embeddings கோப்புறையில் .xlsx கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். நிறுவனத்துக்கு வெளியே போகும் பிபிடியில் இந்த வழியை அறவே தவிர்ப்பதே நல்லது.

படத்திலும் இரண்டு வகை உண்டு. சும்மா Picture என்று ஒட்டாமல் Ctrl+Alt+V பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். அதில் PNG என்பது புள்ளிகளாலான படம். பெரிதாக்கினால் எழுத்துகளின் ஓரம் மங்கும். Enhanced Metafile கோடுகளாகவே சேமிக்கப்படுவதால் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும். அச்சுக்குப் போகும் ஸ்லைடுக்கு இதுதான் பொருத்தம். எந்த வகையானாலும், அது எந்தக் கோப்பின் எந்தத் தாளிலிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று ஸ்லைடின் Notes பகுதியில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். படத்தின் உண்மையான குறை எண் மாறாதது அல்ல. யாராவது ஓர் எண்ணைக் கேள்வி கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போவதுதான்.

முடிந்துபோன காலத்துக்கான எண்களுக்கு, உதாரணமாகத் தணிக்கை முடிந்த ஆண்டுக் கணக்குக்கு, முதலிலேயே படம் போதும். பிறர் கையில் இருக்கும் எக்செலிலிருந்து எடுத்த சார்ட்டும் படமாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் தாளை எப்போது மாற்றியமைப்பார்கள் என்று தெரியாது. மாதாமாதம் ஒரே வடிவில் திரும்பி வரும் பிபிடிக்கு, எக்செல் அதே குழுவின் பொறுப்பில் இருந்தால், இணைப்புதான் உழைப்பை மிச்சப்படுத்தும். அப்போதும் இணைப்பு இருக்க வேண்டியது தயாரிப்புப் பிரதியில் மட்டுமே. அனுப்பும் பிரதியில் அது இருக்கக் கூடாது.

நடைமுறையில் இது சில நிமிட வேலை. தயாரிப்புப் பிரதியில் Edit Links to Files திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Update Now கொடுத்து, ஒவ்வொரு ஸ்லைடிலும் தலைப்பில் உள்ள எண்ணைச் சார்ட்டோடு ஒப்பிட வேண்டும். பிறகு தேதி சேர்த்த பெயரில் Save As செய்து, அந்தப் பிரதியில் சார்ட்டுகளைப் படமாக மாற்ற வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே சுற்றும் பிபிடி என்றால் அதே பெட்டியில் Break Link கொடுத்தாலே போதும். சார்ட் சார்ட்டாகவே நிற்கும், நிறம் மாற்றலாம், தரவை மட்டும் திருத்த முடியாது. ஆனால் கடைசி எண்களின் நகல் உள்ளேயே இருக்கும் என்பதால் வெளியே அனுப்புவதற்குப் படம்தான். எல்லாம் முடிந்தபின் Info பக்கத்தை மீண்டும் பார்த்தால் Edit Links to Files என்ற வரி காணாமல் போயிருக்கும். இன்னும் தெரிந்தால், எங்கோ ஒரு சார்ட் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தினால் எந்தக் கோப்பை நோக்கியது என்ற பாதை பட்டியலில் தெரியும்.