தமிழ்99: இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய்

பொகவந்தலாவை டவுனில் கடிதம் டைப் பண்ணக் கொடுத்தால் பெரும்பாலும் பாமினியில்தான் அடித்துக் கொடுப்பார்கள். ‘கொழுந்து’ என்று அடிக்கப் பாமினியில் nfhOe;J என்று போக வேண்டும். கொம்பு முதலில், பிறகு க, அதன்பின் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. தட்டச்சுப் பொறியின் பழக்கம். வாய் சொல்கிற வரிசையில் அடிக்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ்99 இருக்கிறது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற்99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு இதைத் தன் தர விசைப்பலகையாக ஏற்றது.

விண்டோஸ் 11இல் Settings, Time & language, Language & region என்று போய் Tamil (India) மொழியைச் சேர்த்து, அதன் கீபோர்ட் பட்டியலில் Tamil 99 என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு Space அழுத்தினால் மொழி மாறும்.

முதலில் இடக்கையை மட்டும் பழக்குங்கள். நடு வரிசையில் A, S, D விசைகளில் அ, இ, உ. ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே Q, W, E விசைகளில் ஆ, ஈ, ஊ. அதே விரல் ஒரு படி ஏறினால் குறில் நெடிலாகிவிடும். G விசையில் எ, அதன் மேல் T விசையில் ஏ. R விசையில் ஐ. ஒ, ஓ, ஔ மூன்றும் கீழே C, X, Z விசைகளுக்குப் போய்விட்டன. அவை அவ்வளவாக வராதவை. ஆட்காட்டி விரல் ஓய்ந்திருக்கும் F விசையில் புள்ளி.

அடுத்து வலக்கை. விரல்களை J, K, L, ; மேல் வைத்தால் ப, ம, த, ந. இரு பக்கமும் H விசையில் க, ' விசையில் ய. தமிழில் ஓயாமல் வருகிற மெய்கள் இவை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன எழுத்துகளின் இருப்பிடம்தான். தவுக்குப் பக்கத்தில் ந, பவுக்குப் பக்கத்தில் ம, மேல் வரிசையில் றவுக்குப் பக்கத்தில் ன, டவுக்குப் பக்கத்தில் ண, சவுக்குப் பக்கத்தில் ஞ. ‘ந்த’ அடிக்கும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் அடுத்தடுத்து விழும்; புள்ளியும் தானாக வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு தரம் அடித்தாலும் அப்படித்தான்: அ, ம, ம, ஆ என்றால் ‘அம்மா’.

இப்போது ‘தேயிலை’ அடித்துப் பாருங்கள். த, ஏ, ய, இ, ல, ஐ. விசைகள் L T ' S N R. வலம், இடம், வலம், இடம், வலம், இடம். ஒரு கை அடிக்கும்போது மற்றது அடுத்த விசைக்கு மேல் போய் நிற்கிறது. உயிரெல்லாம் ஒரு பக்கம், மெய் அநேகமாக மறுபக்கம் என்பதால் உயிர்மெய் வரும் இடமெல்லாம் கை மாறும். ‘கொழுந்து’ H C / D ; L D. ஷிப்ட் தேவையில்லை; பாமினியில் ழு, து இரண்டுக்கும் அது வேண்டும்.

எல்லாச் சொல்லும் இப்படி வழுக்கிக்கொண்டு போகாது. ‘பொகவந்தலாவை’ J C H V ; L N Q V R. கடைசி ‘வை’யில் இடறும். வ, ங இரண்டும் மெய்யாக இருந்தும் இடக்கைப் பக்கம், V, B விசைகளில் இருக்கின்றன. V விசையிலிருந்து R விசைக்கு ஒரே ஆட்காட்டி விரல்தான் கீழிருந்து மேலே தாவ வேண்டும். வலது ஆட்காட்டிக்கும் சுமை அதிகம்: க, ப, ள, ற, ல, ர ஆறும் அதன் பொறுப்பு. இரண்டு கட்டை தள்ளி எழுத்து விழுந்தால் அந்த விரல் J விசைக்குத் திரும்பவில்லை என்று அர்த்தம். J விசையில் இருக்கும் சிறு மேட்டைத் தொட்டுப் பார்த்து மறுபடி தொடங்குங்கள்.

தானாக விழும் புள்ளி சில பெயர்களைக் கெடுக்கும். ‘லலிதா’ அடிக்கப் போனால் ‘ல்லிதா’ வரும். முதல் லவுக்குப் பிறகு அ விசையை ஒருமுறை தட்டுங்கள்: N A N S L Q. ‘அவனறிவான்’ என்பதில் ன, ற நடுவிலும் அதே வைத்தியம். ‘ஹட்டன்’ எழுத ஹவுக்கு மட்டும் ஷிப்டோடு R, பிறகு O O I F.

மாறாக ‘அம்மா’ அடித்து ‘அமமா’ என்று வந்தால், உங்கள் கணினியில் விசை வரிசை மட்டும் இருக்கிறது, புள்ளி விதி இல்லை. F விசையால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இ-கலப்பை மென்பொருளைப் போட்டு அதில் தமிழ்99 எடுக்கலாம்.

இலங்கைக்கென்று உள்ள SLS 1326 தரம் ரெங்கநாதன் விசைப்பலகையைத்தான் சொல்கிறது. வேலைக்கான தட்டச்சுப் பரீட்சைக்குப் போகிறவர்கள் அங்கே எந்த விசைப்பலகை என்று விண்ணப்பத்தோடேயே கேட்டுவிடுங்கள்.