கடைசிக் கணக்கை முதலில் எழுதுங்கள்: புதிய ஆசிரியருக்கு ஒரு பாடக்குறிப்பு வழிகாட்டி

தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் முதலில் தலைப்பு, பிறகு நோக்கம், பிறகு கற்பித்தல் துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு என்று மேலிருந்து கீழே நிரப்பிக்கொண்டே போவார். குறிப்பேட்டின் கட்டங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் எழுதும் வரிசை அதுவாக இருக்க வேண்டியதில்லை. கணக்குப் பாடத்துக்கு, வகுப்பு முடியும்போது பிள்ளைகள் தனியே போடப்போகும் ஒரே ஒரு கணக்கை முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு, 28 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. பாடம், ஈரிலக்க எண்களில் கடன் வாங்கிக் கழித்தல். பாடநூல் இதை இனமாற்றம் செய்து கழித்தல் என்கிறது.

முதல் தேர்வு, நோக்கத்தை எப்படி எழுதுவது என்பது. ‘மாணவர்கள் இனமாற்றக் கழித்தலைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதலாம். எளிதாக இருக்கும், ஆனால் 40 நிமிடம் கழித்து அது நடந்ததா இல்லையா என்று சொல்ல வழியிருக்காது. ‘ஐந்து கழித்தல் கணக்குகளைச் சரியாகச் செய்வர்’ என்றால் அளந்து பார்க்கலாம். ஆனால் மேலே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு 1 என்று கரும்பலகையைப் பார்த்து அப்படியே போடும் பிள்ளையும் அதில் தேறிவிடும். நான் பரிந்துரைப்பது மூன்றாவது வகை: ‘53இலிருந்து 26ஐக் குச்சி இல்லாமல் கழித்து விடை எழுதுவர், 5 ஏன் 4 ஆனது என்று ஒரு வாக்கியத்தில் சொல்வர்.’ இதில் என்ன செய்வார்கள், எந்த நிலையில் செய்வார்கள், எது இருந்தால் போதும் என்ற மூன்றும் உண்டு. ராபர்ட் மேகர் 1962இல் கற்றல் நோக்கங்களைப் பற்றி எழுதிய சிறு நூலிலிருந்தே ஆசிரியர் பயிற்சியில் இந்த மூன்றையும் வலியுறுத்திவருகிறார்கள். ஒரு பாடவேளைக்கு இப்படி ஒரு நோக்கம் போதும். மூன்று எழுதினால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

இனி அந்தக் கடைசிக் கணக்கு. பல பாடக்குறிப்புகள் பிசகுவது இந்த இடத்தில்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. 52 – 27 என்று கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 25. ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. என்ன தவறு செய்தது? 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று போட்டிருக்கலாம்; பத்துகளில் 5 – 2 = 3. அல்லது கடன் வாங்கி 12 – 7 = 5 என்று சரியாகவே போட்டுவிட்டு, பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்து 5 – 2 = 3 என்று எழுதியிருக்கலாம். இரண்டு வழியிலும் 35தான் வரும். முதல் பிள்ளைக்கு இனமாற்றமே புரியவில்லை. இரண்டாம் பிள்ளைக்குப் பாதி புரிந்திருக்கிறது. மறுநாள் இருவருக்கும் வேறு வேறு உதவி வேண்டும், ஆனால் தாளைப் பார்த்து யார் யார் என்று பிரிக்க முடியாது.

53 – 26 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 27. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்த பிள்ளை 33 எழுதும். பத்தைக் குறைக்க மறந்த பிள்ளை 37 எழுதும். மூன்று விடைகளும் தனித்தனி. ஒன்றுகளின் இடத்தில் இருக்கும் இரு இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக வந்தால் இரு தவறுகளும் ஒரே விடையில் போய்ச் சேரும். வேறு எந்த வித்தியாசத்திலும் சேராது. 43 – 18, 61 – 36 போன்றவற்றைக் கடைசிக் கணக்காக வைக்காதீர்கள். 1978இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும், பிள்ளைகளின் கழித்தல் தவறுகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். அந்த விதி எது என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும் கணக்கே நல்ல மதிப்பீடு.

அடுத்து, பாடத்தை எந்த வரிசையில் நடத்துவது என்ற பெரிய தேர்வு. நம் பள்ளிகளில் மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன.

ஒன்று, ஆசிரியர் செய்துகாட்டி, பிறகு எல்லோரும் சேர்ந்து செய்து, பிறகு பிள்ளைகள் தனியே செய்வது. நேரம் கையை மீறாது என்பது இதன் பலம்; புதியவருக்கு அது சிறிய விஷயமில்லை. பலவீனம், பிள்ளைகள் கேள்வி எழும் முன்பே பதிலைக் கேட்டுவிடுகிறார்கள். கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்று அவர்கள் உணர்வதற்குள் கடன் வாங்கும் முறை பலகைக்கு வந்துவிடுகிறது. விளைவு மறுநாள் தெரியும்: 58 – 23 கொடுத்தால் அங்கேயும் 5ஐ அடித்து 4 ஆக்குவார்கள்.

இரண்டாவது, கணக்கை முதலில் கொடுத்து, பிள்ளைகள் தாமாக வழி தேட, அந்த வழிகளை வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுவது. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளின் 45 நிமிடக் கணக்குப் பாடம் இப்படி அமைவதற்குப் பெயர் பெற்றது. நம் பிள்ளைகளிடமும் வழிகள் வரும். ஒருவர் கட்டைப் பிரிப்பார். ஒருவர் 26இலிருந்து 53 வரை ஏறி எண்ணுவார். ஒருவர் 30ஐ எடுத்துவிட்டு 4ஐத் திருப்பிக் கொடுப்பார். மூன்றும் சரி. ஆனால் எந்த வழியை முதலில் பலகைக்கு அழைப்பது, எதை எதோடு இணைப்பது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 25 நிமிடம் பேச்சிலேயே போய்விடும். கடைசிக் கணக்குக்கு மணி அடித்துவிடும்.

மூன்றாவது, நிலைவாரிக் குழுக்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறையை ஆசிரியர்கள் அறிவார்கள். ஒரே வகுப்பில் பத்து ஒன்று தெரியாத பிள்ளையும் மூவிலக்கம் கழிக்கும் பிள்ளையும் இருந்தால் இது நியாயமான வழி. ஆனால் நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரு குழுக்களும் கேட்காமலே செய்யக்கூடிய வேலை கையில் இருக்க வேண்டும். மூன்று வேலைத்தாள் தயாரிப்பது, ஒரு பாடத்துக்கு மூன்று பாடக்குறிப்பு எழுதுவதற்குச் சமம்.

புதியவருக்கு நான் சொல்வது, முதல் வழியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் ஐந்தே நிமிடம் இரண்டாம் வழியைச் சேர்ப்பது. குழுப் பிரிப்பைத் தனிப்பயிற்சி நேரத்துக்கு மட்டும், அதுவும் பாடத்தின் இரண்டாம் நாளிலிருந்து. முழுக்க இரண்டாம் வழியில் நடத்துவதை, அந்த வகுப்புப் பிள்ளைகள் எப்படி யோசிப்பார்கள் என்று உங்களுக்குப் பழகிய பிறகு, மூன்றாம் பருவத்தில் முயன்று பாருங்கள்.

பொருளைப் பொறுத்தவரை தேர்வு எளிது. முதல் நாளுக்கு ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகள்தான். கட்டைப் பிரித்தால் உள்ளேயே பத்துக் குச்சிகள் இருக்கின்றன. பிள்ளை தன் கையாலேயே பிரிக்கிறது. விளையாட்டுப் பணத்தில் பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் வாங்க வேண்டும்; அது இரண்டாம் நாளுக்குப் பொருந்தும். ஆணிமணிச் சட்டத்தில் பத்துக்கும் ஒன்றுக்கும் ஒரே அளவு மணி. இடத்தால் மட்டுமே மதிப்பு மாறும் என்பது புரிந்த பிறகே அது உதவும். குச்சிக்கு ஈர்க்குச்சியை ஒரே நீளத்தில் நறுக்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு கணக்கு வேண்டும்: இருவருக்கு ஒரு தொகுதி என்றால் 14 தொகுதிகள். முதல் கணக்கை 53இல் தொடங்கினால் 742 குச்சிகள் தேவை. 32இல் தொடங்கினால் தொகுதிக்கு மூன்று கட்டும் இரண்டு உதிரியும், மொத்தம் 448 குச்சிகள். ஆகவே குச்சிக்குச் சிறிய எண், பெரிய எண்கள் படத்துக்கும் தாளுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 40 நிமிடத்தை நிரப்பலாம். முதல் 4 நிமிடம், ‘32ஐக் கட்டும் உதிரியுமாக எடுத்து வையுங்கள்’ என்பது மட்டும். இதில் தடுமாறும் பிள்ளைக்கு இன்றைய பாடம் ஏறாது. அவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பாதிப்பேர் தடுமாறினால் இன்றைய பாடத்தை நிறுத்திவிட்டுப் பத்து ஒன்றையே நடத்துவது நல்லது. அடுத்த 5 நிமிடம், ‘32இலிருந்து 14 எடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் சுற்றி வாருங்கள். உதிரி இரண்டுதானே இருக்கிறது, நான்கு எப்படி எடுப்பது என்ற குரல் எழ வேண்டும். அதற்காகத்தான் இந்த ஐந்து நிமிடம்.

பிறகு 11 நிமிடம் செய்துகாட்டுவதும் சேர்ந்து செய்வதும். ஒரு கட்டைப் பிரிக்கிறோம். இப்போது கட்டு இரண்டு, உதிரி 12. நான்கு எடுத்தால் 8, ஒரு கட்டு எடுத்தால் மீதி ஒன்று. விடை 18. அடுத்து அதே குச்சிகளை வைத்து 31 – 17ஐ அவர்கள் செய்கிறார்கள். குச்சி நகரும் ஒவ்வொரு முறையும் பலகையில் எண்ணும் மாற வேண்டும். குச்சி வேலை எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக எழுதிக்காட்டினால் இரண்டும் இரண்டு வேறு பாடங்களாகப் பிள்ளை மனதில் நின்றுவிடும்.

அடுத்த 7 நிமிடம் குச்சிகளை ஓரம் வைத்துவிட்டு, பத்துக்குக் கோடும் ஒன்றுக்குப் புள்ளியுமாக 42 – 18ஐ வரைந்து, பக்கத்திலேயே எண்ணால் எழுதுவது. அதன்பின் 8 நிமிடம் தனிப்பயிற்சி: 41 – 15, 58 – 23, 63 – 27, 72 – 34. இரண்டாவதைக் கவனியுங்கள், அதில் கடன் தேவையில்லை. யோசித்துச் செய்பவரையும் பழக்கத்தில் செய்பவரையும் அது பிரித்துக் காட்டும். கடைசி 5 நிமிடம் துண்டுத்தாளில் 53 – 26, கூடவே 5 ஏன் 4 ஆனது என்ற ஒரு வாக்கியம். எழுதத் திணறும் பிள்ளை வாயால் சொல்லட்டும். 60 – 34 போல ஒன்றுகளில் பூச்சியம் வருவதை இன்று தொடவே வேண்டாம். அதற்கென்று தனித் தவறுகள் உண்டு, தனி நாள் வேண்டும்.

குச்சி கொடுத்து வாங்குவதிலேயே மூன்று நான்கு நிமிடம் நழுவும். தொகுதிகளை முன்பே பையில் போட்டு வைத்தால் பாதி மிச்சமாகும். அப்படியும் தாமதமானால் தனிப்பயிற்சியை இரண்டு கணக்காகக் குறையுங்கள். முதல் கணக்கையும் 58 – 23ஐயும் வைத்துக்கொள்ளலாம். கடைசித் துண்டுத்தாளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

மாலையில் அந்த 28 தாள்களையும் விடைவாரியாக அடுக்கப் பத்து நிமிடம் போதும். 33 எழுதியவர்கள் நாளை மீண்டும் குச்சியோடு, உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். 37 எழுதியவர்களுக்குப் படமும் எண்ணும் அருகருகே போதும். கோடு ஒன்றை அடிக்கும்போதே மேலே எண்ணை மாற்றச் சொல்லுங்கள். 27 எழுதி, காரணமும் சொன்னவர்களுக்கு விளையாட்டுப் பணம். விடை சரி, காரணம் சொல்லத் தெரியவில்லை என்ற ஒரு சிறு அடுக்கும் இருக்கும். அவர்களை 37 எழுதியவர்களோடு உட்கார வையுங்கள், அந்தப் படத்தை அவர்களும் வரையட்டும்.