ஃபார்முலாவில் விட்டுப்போன நான்கு டாலர் குறிகள்

கேள்வி: கூடலூரில் திராட்சை வாங்கி அனுப்பும் கடையில் கணக்கு எழுதுகிறேன். அக்கா மகன் எக்செல் ஃபார்முலாவை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினான். பார்த்துத் தட்டினேன். முதல் வரியில் தொகை சரியாக வந்தது. கீழே இழுத்ததும் பன்னீர் திராட்சைக்கு #N/A என்று வருகிறது. மற்ற ரகங்களும் சில வரிகளுக்கு ஒழுங்காக வந்து, பிறகு அதேபோல ஆகிவிடுகின்றன. படத்தையும் நான் தட்டியதையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

– வாசகர், கூடலூர்

பதில்: படத்தில் இருப்பது இது:

```
=ROUND(($C5-$D5)*VLOOKUP($B5,$H$2:$I$6,2,FALSE),0)
```

மொத்த எடையில் பெட்டி எடையைக் கழித்து, ரகத்துக்கு உரிய கிலோ விலையால் பெருக்குகிறது. விலைப்பட்டியல் H2 முதல் I6 வரை இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தில் `H2:I6` என்று தட்டியிருக்கிறீர்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள $, அந்த வரியை நகராமல் பிடித்து வைப்பது. அது இல்லாததால் ஆறாம் வரியில் `H3:I7`, ஏழாம் வரியில் `H4:I8` என்று பட்டியல் ஒவ்வொரு படியாகக் கீழே நழுவுகிறது. H2-இல் இருக்கும் பன்னீர் முதலில் விடுபடுகிறது. அடுத்தடுத்த ரகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. முதல் வரி சரி, கீழே போகப் போகத் தப்பு என்றால் முதலில் $ குறியைத்தான் பார்க்க வேண்டும். `H2:I6` என்பதைத் தேர்ந்தெடுத்து F4 விசையை ஒருமுறை அழுத்துங்கள். நான்கு குறிகளும் வந்துவிடும். பிறகு மீண்டும் கீழே இழுங்கள்.

#N/A வந்ததால் தப்பு கண்ணில் பட்டது. அடைப்புக்குறி விட்டுப்போனால் எக்செல் எதுவும் சொல்லாமலே இருக்கக்கூடும். மொத்த எடை 120 கிலோ, பெட்டி 6 கிலோ, விலை 50 ரூபாய் என்று வையுங்கள். சரியான தொகை 5,700. `($C5-$D5)` என்பதைச் சுற்றிய அடைப்புக்குறியை விட்டால் பெருக்கல் முதலில் நடந்து, 120-இலிருந்து 300 கழிந்து, -180 வரும். தட்டும்போது பிழையைத் திருத்தித் தரவா என்று எக்செல் கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். அது போடும் அடைப்புக்குறி நீங்கள் நினைத்த இடத்தில் விழும் என்பதற்கு உறுதியில்லை.

தட்டி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். இதில் திறப்பது மூன்று, மூடுவது மூன்று, கமா நான்கு, $ ஏழு. ஃபார்முலா E5-இல் இருந்தால், காலியான வேறொரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=LEN(FORMULATEXT(E5))
```

50 வர வேண்டும். உங்களுடையதில் 46 வந்திருக்கும். விட்டுப்போன நான்கும் அந்த $ குறிகள்தான். ஆனால் C-க்குப் பதில் G தட்டினாலும் எண்ணிக்கை 50 தான். அதனால் கமாவுக்குக் கமா நிறுத்தி, படத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை வாசித்துவிடுங்கள். அடுத்த முறை படம் வேண்டாம், ஃபார்முலாவை நகலெடுத்து எழுத்தாகவே அனுப்பு என்று அக்கா மகனிடம் சொல்லுங்கள்.