மதிப்பெண்களின் தண்டும் இலையும்

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் கணக்குத் தேர்வு எழுதியிருக்கின்றனர் என்று கொள்வோம். உச்ச மதிப்பெண் 100. தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஆசிரியர் மதிப்பெண்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் உளர் என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையை உயரமாகக் கொண்ட செவ்வகங்களை அடுத்தடுத்து வரைகிறார். இதுவே நிகழ்வெண் செவ்வகப் படம். 10–19 என்னும் பிரிவில் தொடங்கி, செவ்வகங்களின் உயரங்கள் முறையே 1, 4, 10, 8, 6, 5, 3, 2, 1 என அமைகின்றன. சிறு குன்றுபோல விரைந்து ஏறி மெல்ல இறங்கும் இப்படத்தில் ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை. வினாத்தாள் சற்றுக் கடினமாக இருந்தது போலும் என்று கூறி எவரும் அப்பால் சென்றுவிடுவர்.

இதே மதிப்பெண்களைத் தண்டு-இலைப் படமாக எழுதிப் பார்ப்போம். அமெரிக்கப் புள்ளியியலறிஞர் ஜான் டூக்கி 1977இல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவலாக வழக்கிற்கு வந்த முறை இது. தாளும் பென்சிலுமே போதும். மதிப்பெண்ணின் பத்தாமிட இலக்கம் தண்டு. ஒன்றாமிட இலக்கம் இலை. 1 முதல் 9 வரை தண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, வலப்புறம் ஒரு நெடுங்கோடு இழுக்க வேண்டும். பிறகு விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, 38 எனில் 3க்கு எதிரே 8 என்று எழுதிக்கொண்டே போகலாம். முதற்படியில் மூன்றாம் தண்டு 5 8 0 5 5 1 5 6 5 5 என்று ஒழுங்கின்றி அமையும். அடுத்த படியில் இலைகளை ஏறுவரிசையில் திருப்பி எழுத வேண்டும்:

```
1 | 8
2 | 1 4 6 9
3 | 0 1 5 5 5 5 5 5 6 8
4 | 0 1 2 4 5 6 7 8
5 | 0 1 3 4 6 8
6 | 0 2 4 5 9
7 | 1 5 6
8 | 2 7
9 | 1
```

கட்டத்தாளில் கட்டத்திற்கு ஓர் இலையாக எழுதுதல் நலம். வெறுந்தாளில் 1 என்னும் இலக்கம் குறுகியும் 8 அகன்றும் விழுவதால், வரிசையின் நீளம் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும். ஒரு தண்டில் இலையே இல்லாவிடினும் அத்தண்டை விட்டுவிடலாகாது. அவ்வெற்றிடமும் ஒரு செய்தியே.

தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் பழைய குன்றே தெரிகிறது. ஆனால் மூன்றாம் தண்டைப் படித்துப் பாருங்கள். 35 ஆறு முறை வருகிறது. 32, 33, 34 ஆகியவற்றில் ஒன்றேனும் இல்லை. செவ்வகப் படம் பத்துப் பேரையும் ஒரே உயரத்திற்குள் அடைத்தமையால், தேர்ச்சிக் கோட்டிற்குச் சற்றுக் கீழே காலியிடமும், கோட்டின் மீதே குவியலும் இருந்தது மறைந்துபோயிற்று. பிரிவை ஐந்தைந்தாகக் குறுக்கினால் ஏதோ இருப்பது புலப்படும்: 30–34இல் 2, 35–39இல் 8. எனினும் அவ்வெண்மரில் அறுவர் சரியாக 35இல் நிற்கின்றனரா, 39 வரை பரவியுள்ளனரா என்பதை அப்போதும் செவ்வகம் சொல்லாது.

32, 33, 34 பெற்றவர்கள் 35க்கு உயர்த்தப்பட்டனர் என்பதே முதலில் தோன்றும் விளக்கம். அதை உடனே ஏற்றுவிடலாகாது. வினாக்கள் ஐந்து மதிப்பெண் வீதம் அமைந்திருந்தாலோ, திருத்துபவர் ஐந்தின் மடங்குகளை விரும்புபவராயிருந்தாலோ 35 மிகுந்து வரக்கூடும். அவ்வாறாயின் பிற தண்டுகளிலும் 0, 5 என்னும் இலைகள் மிகுந்திருத்தல் வேண்டும். எண்ணிப் பார்ப்போம். அந்த ஆறு 35களை நீக்கினால் எஞ்சுவன 34 மதிப்பெண்கள்; அவற்றில் 0 அல்லது 5இல் முடிபவை ஏழு. பத்து இலக்கங்களில் இரண்டு என்ற கணக்கில் ஏறத்தாழ ஏழுதான் எதிர்பார்க்கத்தக்கது. ஆகவே ஐந்தின் மீதுள்ள பொது நாட்டம் காரணமன்று. 35 என்னும் அந்த ஒரே இடந்தான் தனித்து நிற்கிறது. எனினும் படம் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புக் கூறாது. அந்த ஆறு விடைத்தாள்களையும் எடுத்து, வினாவாரியான மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. எந்த ஆறு தாள்கள் என்று சுட்டியதே இப்படத்தின் உதவி. தேர்ச்சி எல்லை 33ஆக உள்ள பள்ளியில் 33ஐயும் அதற்கு முந்திய இரண்டு மூன்று எண்களையும் இவ்வாறே நோக்கலாம்.

இன்னொரு பயனும் உண்டு. மேலிருந்து இலைகளை எண்ணிக்கொண்டு வந்தால் 20ஆம், 21ஆம் மதிப்பெண்கள் 45, 46. ஆகவே இடைநிலை அளவு 45.5. செவ்வகப் படத்திலிருந்து அது நாற்பதுகளில் உள்ளதென்று மட்டுமே உறுதியாகக் கூறவியலும்.

அரை மதிப்பெண் வழங்கும் தேர்வுகளில், 34½ஐ 35 என்று முழுமையாக்கி எழுதுவது நாமே குவியலை உண்டாக்குவதாகும். அரையை விட்டுவிட்டு 34 என்றே எழுதி, அவ்வாறு விட்டமையைப் படத்தின் அடியில் குறித்தல் வேண்டும். மாணவர் தொகை நூறு, நூற்றைம்பது என்று பெருகினால் இலை வரிசைகள் தாளின் ஓரத்தை எட்டிவிடும். அப்போது ஒவ்வொரு தண்டையும் 0–4, 5–9 என இரு வரிகளாகப் பிரிக்கலாம். பல நூற்றுவர் எழுதும் தேர்வுக்கு அதுவும் போதாது. அங்கே செவ்வகப் படமே ஏற்றது. ஆயினும் தேர்ச்சிக் கோட்டிற்கு அருகிலுள்ள ஒரு தண்டை மட்டும் தனித்தாளில் எழுதிப் பார்ப்பதற்குத் தடையொன்றுமில்லை.