கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மண் படம்: எத்தனை குழிகள்? எவ்வளவு நம்பலாம்?

சின்னமனூருக்குக் கிழக்கே என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் செவல் காடு உண்டு. அதில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட அவர் விரும்பினார். புவியியல் படிப்பவன் என்ற முறையில் என்னிடம், “மாப்பிள்ளை, உன் படம் நம்ம காட்டைப் பத்தி என்ன சொல்லுது?” என்று கேட்டார். 1:50,000 அளவையில் இருந்த ஒரு மண் படத்தைப் பார்த்து, “ஆழமான செவல் மண், மாமா. தாராளமாகக் கொடி வைக்கலாம்” என்றேன். பந்தலுக்குக் கல்தூண் நட வடக்கு மூலையில் குழி தோண்டினார்கள். ஒன்றரை அடியிலேயே கடப்பாரை சுக்கான் பாறையில் மோதிற்று.

படம் பொய் சொன்னதா, நான் படத்தைத் தவறாகப் படித்தேனா என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். விடை காண இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குறிப்பிட்ட அளவையில் மண் படம் வரைய எத்தனை இடங்களில் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. வரைந்த படத்தில், ‘இது இன்ன மண்’ என்று எழுதியிருக்கும் பகுதிக்குள் உண்மையில் எவ்வளவு அந்த மண் இருக்கிறது என்பதைச் சோதிப்பது மற்றொன்று.

எத்தனை குழிகள்?

படத்தின் அளவை 1:50,000 எனில், படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 25 ஹெக்டேர். 1:25,000 படத்தில் அதே ஒரு சதுர சென்டிமீட்டர் ஆறேகால் ஹெக்டேர். 1:10,000 படத்தில் ஒரே ஒரு ஹெக்டேர். மண் ஆய்வாளர்கள் கையாளும் பொதுவிதி இந்தச் சதுர சென்டிமீட்டரை அடிப்படையாகக் கொண்டது. தரை எவ்வளவு பெரியது என்று கேளாமல், தாள் எவ்வளவு பெரியது என்று கேட்கிறது அவ்விதி. படத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் கால் முதல் ஒன்று வரை மண் நோக்குகள் வேண்டும் என்பர். நடுத்தரமாக இரண்டு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று எனக் கொள்ளலாம்.

இதை நம் பள்ளத்தாக்கிலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர் நோக்கி ஆற்றையொட்டி 8 கிலோமீட்டர் நீளம், ஆற்றிலிருந்து கிழக்கே மேகமலை அடிவாரத்தை நோக்கி 5 கிலோமீட்டர் அகலம் என ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 40 சதுர கிலோமீட்டர். 1:50,000 படத்தில் இது 160 சதுர சென்டிமீட்டர். எனவே 80 நோக்குகள். 1:25,000 படத்தில் 640 சதுர சென்டிமீட்டர், 320 நோக்குகள். 1:10,000 படத்தில் 4,000 சதுர சென்டிமீட்டர், 2,000 நோக்குகள். திருகு துளைப்பானைக் கொண்டு ஒரு மீட்டர் ஆழம் வரை மண் எடுத்துப் பார்க்கும் இருவர் நாளொன்றுக்குப் பத்து இடங்களை முடிப்பார்கள் என்று கொண்டால், முதல் படத்துக்கு 8 நாள், இரண்டாவதற்கு 32 நாள், மூன்றாவதற்கு 200 நாள். அளவையைத் தீர்மானிப்பதே செலவைத் தீர்மானிப்பதாகிவிடுகிறது.

இந்த நோக்குகளைப் பட்டை முழுவதும் சமமாகத் தூவிவிடுவது சிறந்த வழியன்று. நம் பள்ளத்தாக்கில் மண் ஒரு வரிசையில் மாறுகிறது. மலையடிவாரத்தில் சரளை, அதற்குக் கீழே செவல், தாழ்ந்த சரிவுகளில் ஆங்காங்கே சுக்கானும் கரிசல் திட்டுகளும், ஆற்றோரத்தில் நெல் விளையும் வண்டல். ஆகவே ஆற்றுக்குக் குறுக்காகக் கோடுகள் வகுத்து, மலையிலிருந்து ஆற்றுக்கு நடந்து தோண்டினால்தான் இம்மாற்றங்கள் அகப்படும். ஆற்றுக்கு இணையாக நடப்பவன் ஒரே மண்ணையே நாள் முழுதும் பார்த்து, பள்ளத்தாக்கு முழுதும் ஒரே மண் என்று நம்பிவிடக்கூடும். சரிவும் நிறமும் மண்ணின் எல்லையைத் தாமே காட்டும் இடத்தில் குறைவாகவும், சமன்படுத்திய வயல்களைப் போல் மேற்பரப்பு ஒன்றும் சொல்லாத இடத்தில் அதிகமாகவும் தோண்ட வேண்டும். துளைப்பான் மட்டும் போதாது. முக்கியமான ஒவ்வொரு மண் வகைக்கும் ஓரிடத்திலேனும் ஆள் இறங்கும் குழி வெட்டி, அடுக்குகளை விவரித்து, மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இவ்விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. ஐம்பது மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு துளைகள், ஐந்நூறு மீட்டர் இடைவெளியில் உள்ளவற்றைப் போலவே வேறுபட்டால், எத்தனை துளை போட்டாலும் 1:25,000 படத்தில் அவற்றைப் பிரித்துக் கோடு போட இயலாது. அங்கே ‘செவலும் சுக்கானும் கலந்த பகுதி’ என்று நேர்மையாக எழுதுவதே முறை.

விதியைக் காட்டிலும் குறைந்த நோக்குகளோடு வரைந்த படங்களும் உண்டு. நாகபுரியில் உள்ள தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியகம் 1980களின் நடுவில் தொடங்கி, 1:250,000 அளவையில் மாநிலம் மாநிலமாக மண் படங்களைத் தயாரித்தது. தமிழ்நாட்டின் படமும் அதில் ஒன்று. அதில் 10 கிலோமீட்டர் கட்டங்களில் மண் பார்க்கப்பட்டது. கணக்கிட்டால் இது படத்தில் 16 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நோக்கு. தேனி மாவட்டம் முழுதுக்குமே ஏறத்தாழ முப்பது கட்டங்கள்தாம் வரும். செயற்கைக்கோள் படங்களிலிருந்து நில அமைப்பைப் பிரித்து, தேர்ந்த சில பட்டைகளை விரிவாக ஆராய்ந்து, அவற்றைத் துணையாகக் கொண்டதால் இது சாத்தியமாயிற்று. மாநிலத் திட்டமிடலுக்கு அப்படம் பயன்படும். ஒரு கிராமத்துக்கு அதை எடுத்துச் செல்லுதல் தகாது.

இங்கேதான் இன்றைய காலத்துக்குரிய ஓர் ஆபத்து இருக்கிறது. கணினியிலும் கைபேசியிலும் எந்தப் படத்தையும் விரல் நுனியால் பெரிதாக்கலாம். 80 நோக்குகளோடு வரைந்த நம் 1:50,000 படத்தை 1:10,000 ஆகப் பெரிதாக்கினால், அது 4,000 சதுர சென்டிமீட்டர் ஆகும். நோக்குகளோ அதே 80. அதாவது 50 சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று. கோடுகள் தெளிவாகத் தெரியும், அறிவு கூடியிராது. ஒரு படம் தன் அளவைக்குத் தகுதியானதா என்று அறிய, நோக்குகளின் எண்ணிக்கையைப் படத்தின் சதுர சென்டிமீட்டரால் வகுத்துப் பார்த்தால் போதும்.

எவ்வளவு நம்பலாம்?

படத்தில் ஒரே பெயரும் நிறமும் பெற்ற பகுதிகளைப் பட அலகு என்கிறோம். அந்த அலகுக்குள் பெயருக்குரிய மண் நூற்றுக்கு எத்தனை பங்கு இருக்கிறதோ அதுவே அதன் தூய்மை. அமெரிக்க மண் ஆய்வுக் கையேடு 1951-இல், வேறு மண் 15 விழுக்காட்டுக்கு மேல் கலந்திருக்கலாகாது என்று எதிர்பார்த்தது. ஆனால் இங்கிலாந்தில் பெக்கெட், வெப்ஸ்டர் ஆகிய இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1971-இல் எழுதியபோது, அந்த 85 விழுக்காட்டைப் பல படங்கள் எட்டவில்லை என்பது வெளிப்பட்டது.

தூய்மையைச் சோதிக்கையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் வழிகள் உள்ளன. படம் வரையப் பயன்படுத்திய துளைகளையே சோதனைக்கும் எண்ணுவது முதல் வழி. அவற்றைப் பார்த்துத்தானே கோடு போட்டோம்? அவை பொருந்தாமல் என்ன செய்யும்? அலகின் நடுவில், சாலையோரத்தில், வசதியான இடமாகப் பார்த்துத் தோண்டுவது இரண்டாவது. ‘இங்கே செவல் இருக்க வேண்டும்’ என்று தெரிந்துகொண்டே மண்ணைக் கையில் எடுப்பது மூன்றாவது. எனவே சோதனைப் புள்ளிகள் புதியனவாக, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுத்தனவாக இருக்க வேண்டும். எல்லைக்கோட்டருகே விழுந்தாலும் விலக்கலாகாது. கிணற்றிலோ வீட்டிலோ விழுந்தால், பக்கத்து வயலுக்கு நகராமல், பட்டியலில் முன்பே குறித்த அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். மண்ணை விவரித்து எழுதிய பிறகே படத்தைத் திறக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஆழமான செவல்’ என்ற அலகுக்கு, ஒரு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள சிவந்த மண் என்று முன்கூட்டியே இலக்கணம் வகுத்து, 40 புள்ளிகளைச் சோதித்ததாகக் கொள்வோம். 30 பொருந்துகின்றன, தூய்மை 75 விழுக்காடு. பொருந்தாத பத்தில் ஆறு இடங்களில் மண் செவலே. ஆழம் மட்டும் 90 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. மற்ற நான்கில் அரை மீட்டருக்குள் சுக்கான். உழவனைப் பொறுத்தவரை இந்த ஆறும் நான்கும் ஒன்றல்ல. ஆறு இடங்களில் அவன் பயிரை மாற்ற வேண்டியதில்லை. நான்கில் திராட்சையின் வேர் இறங்காது. ஆதலால் பிற்கால அமெரிக்க விதிகள் இவற்றைப் பிரித்துப் பார்க்கின்றன. ஒத்த தன்மையுடைய கலப்பைப் பொறுத்துக்கொண்டு, பயிருக்குத் தடையாகும் கலப்பை மட்டும் 15 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. நம் எடுத்துக்காட்டில் அது 10 விழுக்காடு.

தேறிவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இன்னொரு கணக்கு உண்டு. நாம் பார்த்தது 40 இடங்களை மட்டுமே. கணக்கிட்ட விழுக்காட்டுக்கு ஏறத்தாழ ±1.96 × √(p(1−p)/n) அளவு பிழை உண்டு. இங்கே p என்பது பொருந்திய பங்கு, n என்பது புள்ளிகளின் எண்ணிக்கை. 75 விழுக்காட்டுக்கு இப்பிழை 13. எனவே உண்மையான தூய்மை 62 முதல் 88 வரை எங்கும் இருக்கலாம். சுக்கான் நான்கைப் போன்ற சிறு எண்ணுக்கு இவ்வாய்பாடு சரிவராது. ஈருறுப்புப் பரவலை நேரடியாகக் கணக்கிட்டால் 3 முதல் 24 விழுக்காடு வரை வருகிறது. 15-க்குள் அடங்கியது என்று இத்தனை புள்ளிகளைக் கொண்டு உறுதி கூற இயலாது. தூய்மையின் பிழையை 5 ஆகக் குறைக்க வேண்டுமெனில் 288 புள்ளிகள் தேவை. அது 1:25,000 படம் வரையத் தேவையான நோக்குகளுக்கு ஏறக்குறைய சமம்! ஆகவே எல்லா அலகுகளையும் சோதிக்க முயலாமல், தவறினால் நட்டம் மிகுதியாகும் அலகைத் தேர்ந்து சோதித்து, முடிவைப் பிழையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

இனி மாமாவின் காட்டுக்குத் திரும்புவோம். இரண்டு ஏக்கர் என்பது ஏறத்தாழ 90 மீட்டர் சதுரம். 1:50,000 படத்தில் அது பக்கத்துக்கு 1.8 மில்லிமீட்டர், ஒரு கடுகின் அளவு. அப்படத்தில் தெளிவாகக் காட்டத்தக்க மிகச் சிறிய பகுதி 0.4 சதுர சென்டிமீட்டர் என்பர். அதாவது 10 ஹெக்டேர், சுமார் 25 ஏக்கர். அதனினும் சிறிய சுக்கான் திட்டை அப்படம் காட்டியிருக்கவே முடியாது. படம் பொய் சொல்லவில்லை. அது சொல்லாததை நான் சொன்னேன்.

மறுவாரம் துளைப்பானோடு சென்றேன். முப்பது மீட்டருக்கு ஒன்றாக ஒன்பது துளைகள் போட்டோம். வடக்குப் பக்கத்து மூன்றிலும் சுக்கான். மற்ற ஆறிலும் ஒரு மீட்டர் வரை செவல். ஒரு நாள் வேலைதான். பந்தல் தெற்கே நகர்ந்தது. வடக்கே மாட்டுக்குச் சோளம் விதைத்தார்கள். “இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே மாப்பிள்ளை” என்றார் மாமா. நட்ட தூண்களைப் பிடுங்கிய கூலியை அவர் என்னிடம் கேட்கவில்லை.