வாளியின் பாரம் எங்கே?

கேள்வி: கிணற்றடியில் வாளி தூக்குவதைப் போனில் எடுத்து, பிரேம் பிரேமாக ஒற்றி வரைந்தேன். பாரமே தெரியவில்லையே?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: எல்லாவற்றையும் ஒற்றினால் உருவம் மிதக்கும். குனிதல், பிடித்தல், கை இறுகி இடுப்பு பின்னே சாய்தல், வாளி நிலம் விடுதல், நிமிர்தல் – இந்த ஐந்தை மட்டும் ஒற்றுங்கள். கை இறுகியும் வாளி அசையாத அந்த நொடியில்தான் பாரம் இருக்கிறது, அதைச் சுருக்காதீர்கள். போன் செக்கனுக்கு 30 பிரேம் எடுத்து, நீங்கள் 24இல் வரைந்தால், வீடியோவின் 15 பிரேம் உங்களுக்கு 12. பிறகு வீடியோவை மூடிவிட்டு முதுகின் வளைவைக் கூட்டி வரையுங்கள். 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’டுக்கு மார்ஜ் சாம்பியன் நடித்ததைப் படம்பிடித்துத்தான் டிஸ்னி கலைஞர்களும் அசைவைப் படித்தார்கள். ஒன்று கேட்கிறேன்: வெறும் வாளியோடா நடித்தீர்கள்? அப்படியென்றால் தண்ணீர் நிரப்பி மறுபடி எடுங்கள்.