உரக்க வாசிக்க ஒரே ஒரு வாய்ப்பு

உடுப்பிட்டியில் இருந்தபடி பி.ரி.ஈ. அகடமிக் பரீட்சைக்கு ஆயத்தமாகிறீர்களா? பேச்சுப் பகுதியில் வரும் ‘றீட் அலவுட்’டை முதலில் பழகுங்கள். திரையில் 60 சொல்லுக்கு மேற்படாத ஒரு பந்தி வரும். பார்த்துக்கொள்ள 30 முதல் 40 செக்கன் கிடைக்கும். சிறிய ஒலி கேட்டதும் மைக் திறக்கும். இரண்டாம் தரம் பதிய முடியாது. மூன்று செக்கனுக்கு மேல் மௌனமாக இருந்தால் பதிவு நின்றுவிடும். புள்ளியிடுவது கணினி. சொற்கள் விடுபடாமல் வந்தனவா, உச்சரிப்பு எப்படி, தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடியதா என்று பார்க்கும்.

ஆயத்த நேரத்தை முழுப்பந்தியையும் முணுமுணுத்துச் செலவழிக்க வேண்டாம். தெரியாத சொல் எது, எங்கே நிறுத்துவது என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். இப்படி ஒரு வசனம் வருகிறது என்று வையுங்கள்:

ஃபார்மர்ஸ் இன் ட்ரை ரீஜன்ஸ் / டிப்பென்ட் ஒன் கிரவுண்ட்வோட்டர், / விச் இஸ் ரிப்ளெனிஷ்ட் / ஒன்லி டியூரிங் த மொன்சூன்.

கிணற்று நீரை நம்பித் தோட்டம் செய்யும் ஊரவருக்குப் பொருள் உடனே விளங்கும். இடையில் ‘ரிப்ளெனிஷ்ட்’ மட்டும் புதிது. அதை ரி-ப்ளெ-னிஷ்ட் என்று உடைத்து, ‘ப்ளெ’யில் அழுத்தி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போங்கள். பிழைத்தால் ஒரு சொல்லோடு போய்விடும். திரும்பிப் போய்த் திருத்தினால் அந்தப் பிழையோடு ஓட்டத்துக்கான புள்ளியும் குறையும். இந்த இடத்தில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் புள்ளியை விடுகிறார்கள்.

நிறுத்தம் சாய்கோடு போட்ட இடங்களில் மட்டும். காற்புள்ளியில் சற்றுக் கூடுதலாக, மற்ற இரண்டிலும் மிகச் சிறிதாக. முற்றுப்புள்ளியில் குரல் இறங்க வேண்டும். ‘டிப்பென்ட்’டுக்கும் ‘ஒன்’னுக்கும் நடுவே மூச்சு வாங்கினால் வசனம் முறிந்துவிடும்.

அழுத்தம்தான் எங்களுக்குக் கடினம். எழுத்துக்கு எழுத்து மாத்திரை கொடுத்து வாசித்துப் பழகிய நாக்கு இது. ஆங்கிலத்திலோ பொருள் தாங்கும் சொல் நீளும், இணைக்கும் சொல் சுருங்கும். மேலே உள்ள வசனத்தில் ஃபார்மர்ஸ், ட்ரை, கிரவுண்ட்வோட்டர், ரிப்ளெனிஷ்ட், ஒன்லி, மொன்சூன் ஆகியவை எழும்ப வேண்டும். இன், ஒன், இஸ், த நான்கும் அரைகுறையாகக் கேட்டால் போதும், ஆனால் விடுபடக் கூடாது. சொல்லுக்குள்ளும் இடம் உண்டு: ‘கிரவுண்ட்வோட்டர்’ முதல் அசையில், ‘மொன்சூன்’ கடைசி அசையில்.

வீட்டில் பழகும்போது கைத்தொலைபேசியில் பதிந்து, பந்தியைக் கையில் வைத்துக் கேளுங்கள். ‘ஃபார்மர்ஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ஸும் ‘ரிப்ளெனிஷ்ட்’டின் கடைசி ‘ட்’டும் காதில் விழுகின்றனவா, ‘டிப்பென்ட்டு’ என்று உகரம் ஒட்டுகிறதா என்று கவனித்துப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்த தரம் வட்டமிட்ட சொற்களை மட்டும் தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டு முழுப்பந்தியையும் வாசியுங்கள். பரீட்சையில் கடைசிச் சொல் முடிந்ததும் ‘நெக்ஸ்ட்’டை அழுத்தி அடுத்த பந்திக்குப் போய்விடுங்கள்.